"செல்ஃப் எடுக்கல" என்றால் மூன்று புகார்: மோட்டார் வாகன மெக்கானிக் மறுதேர்வில் தேறியவன் எழுதுவது

போன வாரம் ரிசல்ட் வந்தது. தேறிவிட்டேன். இது மறுதேர்வு. முதல் தடவை தியரி போகவில்லை, செய்முறையில்தான் போனது. அதுவும் "பேட்டரி வீக் சார்" என்ற மூன்றே வார்த்தையில் போனது. அந்த வயிற்றெரிச்சல் இன்னும் அடங்காததால் இதில் அதைப் பற்றித்தான் அதிகம் இருக்கும். பிரேக், கியர்பாக்ஸ், கூலிங் பற்றியெல்லாம் எழுதப்போவதில்லை. அறிகுறியைக் கொடுத்துக் காரணம் கேட்கும் கேள்விகளில் ஸ்டார்ட்டிங் சிஸ்டம் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

முதல் தடவை நடந்தது இதுதான். ஸ்டாண்டில் ஒரு எஞ்சின், பக்கத்தில் பேட்டரி, மேஜையில் மல்டிமீட்டர், டெஸ்ட் லேம்ப். ஒரு துண்டுச் சீட்டில் "வாகனம் செல்ஃப் எடுக்கவில்லை, காரணம் கண்டுபிடி" என்று எழுதியிருந்தது. நான் நேராக மீட்டரை எடுத்துப் பேட்டரியில் வைத்தேன். 12.3 காட்டியது. முழுச் சார்ஜ் என்றால் 12.6 இருக்க வேண்டும் என்று படித்தது ஞாபகம் வந்தது. குறைவாக இருக்கிறதே என்று உடனே வாயைத் திறந்துவிட்டேன்.

பரிசோதகர் அமைதியாகக் கேட்டார். "சாவியைத் திருப்பிப் பாத்தியா தம்பி?"

பார்க்கவில்லை. அப்புறம் திருப்பினேன். ஒரு சத்தமும் இல்லை, சின்ன 'டக்' கூட இல்லை. ஸ்டார்ட்டர் மேலிருக்கும் சொலினாய்டில், சாவியிலிருந்து கட்டளை வந்து சேரும் 50-ஆம் முனையிலிருந்து ஒயரைக் கழற்றி வைத்திருந்தார்கள். 12.3 வோல்ட் பேட்டரி பாதிச் சார்ஜுக்கு மேலேயே இருக்கிறது, அது சொலினாய்டை இழுக்கக்கூட முடியாத நிலையில் இல்லை. சாவியைத் திருப்பிக் காது கொடுத்துக் கேட்டிருந்தாலே பேட்டரி என்று சொல்லியிருக்க மாட்டேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நம்ம ஊரில் ஸ்டார்ட்டர் மோட்டாருக்குப் பேரே செல்ஃப்தான். டிரைவர் வந்து "செல்ஃப் எடுக்கல" என்று சொன்னால் அவர் மூன்றில் எதை வேண்டுமானாலும் சொல்லலாம். எஞ்சின் சுற்றவே இல்லை என்பது ஒன்று. சுற்றுகிறது, ஆனால் மூச்சு வாங்கிக்கொண்டு மெதுவாகச் சுற்றுகிறது என்பது இன்னொன்று. நன்றாகவே சுற்றுகிறது, ஸ்டார்ட் மட்டும் ஆகவில்லை என்பது மூன்றாவது. மூன்றாவதுக்கும் செல்ஃபுக்கும் சம்பந்தமே இல்லை, டீசல் வரவில்லை, காற்றுப் பூட்டு, ஹீட்டர் பிளக் என்று அது வேறு பக்கம் போய்விடும். கேள்வித்தாளில் 'ஸ்டார்ட்டர் சுற்றுகிறது, எஞ்சின் சுற்றவில்லை' என்று நாலாவதாக ஒன்றும் வரும். மோட்டார் மட்டும் 'விர்ர்' என்று ஓடும். அதற்கு விடை பினியனில் உள்ள ஓவர் ரன்னிங் கிளட்ச், இல்லையென்றால் ஃப்ளைவீல் ரிங் கியர் பல். இதில் யோசிக்க ஒன்றுமில்லை.

கேள்வியைப் படித்ததும் முதல் வேலை, இந்த நாலில் எது என்று ஓரத்தில் எழுதிக்கொள்வது. விடைகளைப் பார்ப்பதற்கு முன்னாலேயே எழுத வேண்டும். நாலு விடையையும் முதலில் பார்த்தால் கண் நேராகப் 'பேட்டரி'யில் போய் நிற்கும், அது பழகிய வார்த்தை.

இரண்டாவது வேலை ஹெட்லைட். இதை நான் கொஞ்சம் அதிகமாகவே சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஹெட்லைட்டைப் போட்டுவிட்டுச் சாவியைத் திருப்ப வேண்டும். திருப்பும் நேரத்தில் வெளிச்சம் என்ன ஆகிறது, காதில் என்ன சத்தம் கேட்கிறது, இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மீட்டர் தேவையில்லை. கேள்வித்தாளிலும் பெரும்பாலும் இந்த இரண்டைத்தான் மறைமுகமாகக் கொடுத்திருப்பார்கள்.

வெளிச்சம் அப்படியே இருக்கிறது, சத்தமே இல்லை: பெரிய கரன்ட் எங்கும் ஓடவில்லை, சொலினாய்டுக்கே கட்டளை போகவில்லை. இக்னிஷன் சுவிட்ச், ரிலே, ஃபியூஸ், கிளட்ச் சுவிட்ச் இருந்தால் அது, 50-ஆம் முனைக்கு வரும் ஒயர். என் முதல் தடவைச் செய்முறையில் வந்தது இதுதான்.

வெளிச்சம் அப்படியே இருக்கிறது, ஒரே ஒரு 'டக்': சொலினாய்டு இழுத்துவிட்டது, மோட்டாருக்குள் கரன்ட் போகவில்லை. சொலினாய்டின் உள் காண்டாக்ட் கரிந்திருக்கும், அல்லது கார்பன் பிரஷ் தேய்ந்து கம்யூட்டேட்டரில் உட்காராமல் நிற்கும். ஸ்டார்ட்டரை ஸ்பானரால் லேசாகத் தட்டினால் ஒரு தடவை எடுக்கிறது என்று கேள்வியில் இருந்தால் பிரஷ் என்று எழுதிவிடலாம்.

வெளிச்சம் செத்துப்போகிறது, 'டக டக டக': பேட்டரி இறங்கியது.

வெளிச்சம் செத்துப்போகிறது, ஒரே 'டக்', பேட்டரி நல்லது என்று கேள்வியே சொல்கிறது: மோட்டார் முழு கரன்ட்டையும் வாங்கிக்கொண்டும் சுற்ற முடியவில்லை. ஸ்டார்ட்டர் ஜாம், அல்லது எஞ்சினே ஜாம். கிராங்க் புல்லி நட்டில் ஸ்பானர் போட்டுக் கையால் சுற்றிப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும். மழைத்தண்ணீரில் இறங்கி ஏறிய வண்டி என்று குறிப்புக் கொடுத்திருந்தால் சிலிண்டருக்குள் தண்ணீர். அப்போது திரும்பத் திரும்பச் சாவியைத் திருப்பினால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.

வெளிச்சம் மொத்தமாக அணைந்து, சாவியை விட்டதும் திரும்ப வருகிறது: பேட்டரி முனையில் கிளாம்ப் லூஸ், அல்லது பச்சை பூத்திருக்கிறது.

'டக டக டக' சத்தத்தில் ஒரு பொறி இருக்கிறது. வைவாவில் என்னைக் கேட்டார்கள், அதனால் எழுதுகிறேன். சொலினாய்டுக்குள் இரண்டு காயில். ஒன்று இழுக்கும் காயில், இன்னொன்று பிடித்து வைக்கும் காயில். சாவியைத் திருப்பியதும் இரண்டும் சேர்ந்து பிளஞ்சரை இழுக்கும். உள்ளே பெரிய காண்டாக்ட் மூடியதும் இழுக்கும் காயிலின் இரண்டு முனையிலும் ஒரே வோல்ட்டேஜ் வந்துவிடும், அதில் கரன்ட் நின்றுவிடும். அதற்கு மேல் பிளஞ்சரைப் பிடித்துக்கொண்டிருப்பது இரண்டாவது காயில் மட்டும்தான். அது அறுந்திருந்தால் என்ன ஆகும்? காண்டாக்ட் மூடியவுடன் பிடிக்க ஆளில்லை, ஸ்பிரிங் பின்னால் தள்ளும், காண்டாக்ட் திறக்கும், இழுக்கும் காயில் மறுபடி உயிர் பெறும், மறுபடி இழுக்கும். டக டக டக. பேட்டரி இறங்கினாலும் அதே சத்தம்தான். மோட்டார் கரன்ட்டை வாங்கியதும் வோல்ட்டேஜ் சரிந்து, பிடிக்கும் காயிலுக்குத் தெம்பு இல்லாமல் போகிறது. சத்தத்தை வைத்துப் பிரிக்க முடியாது. நல்ல பேட்டரியை ஜம்ப்பர் ஒயரில் கொடுத்தும் அதே சத்தம் என்றால்தான் காயில். 'பேட்டரி முழுச் சார்ஜில் உள்ளது' என்று ஒரு வரி கேள்வியில் ஒட்டியிருந்தால் அது சும்மா ஒட்டப்பட்டதில்லை.

ஹெட்லைட் வித்தைக்கும் எல்லை உண்டு. எல்இடி விளக்கு வோல்ட்டேஜ் சரிந்தாலும் அவ்வளவாக மங்காது, உள்ளே இருக்கும் சர்க்யூட் சமாளித்துக்கொள்ளும். சில புது வண்டிகளில் ஸ்டார்ட் பண்ணும்போது ஹெட்லைட்டை வண்டியே அணைத்துவிடும், அதைப் பார்த்துக் கிளாம்ப் லூஸ் என்று சொன்னால் மாட்டிக்கொள்வீர்கள். பழைய குண்டு பல்பு எங்கே இருக்கிறதோ, கேபின் விளக்கு என்றாலும் சரி, அதைப் பாருங்கள்.

இனி இரண்டாவது புகார், மெதுவாகச் சுற்றுவது. பாதிப் பேர் விழுவது இதில்தான். எனக்கு இது தேர்வுக்குப் படித்து வரவில்லை. முதல் தடவை தேர்வு போன பிறகு வீட்டில் உட்கார முடியாமல் மேலூர் ரோட்டில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் சேர்ந்தேன். அங்கே ஒரு பழைய டீசல் வேன் வந்தது. மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்கு விடிகாலையில் மல்லி ஏற்றிவரும் வண்டி. தினமும் காலையில் தள்ளித்தான் ஸ்டார்ட் பண்ணுகிறாராம். பூ வாட ஆரம்பித்தால் விலை போய்விடும், அதனால் தள்ளுவதற்கென்றே ஒரு பையனைக் கூட அழைத்து வருவதாகச் சொன்னார். பேட்டரியை ஏற்கெனவே மாற்றிவிட்டார். புதுப் பேட்டரி போட்டும் அதே கதை.

போகிற போக்கில் அவர் இன்னொன்றும் சொன்னார். "ஆக்ஸிலேட்டர் வேற இப்ப கொஞ்சம் டைட்டா இருக்குண்ணே. காலைல ஒரு மாதிரி கருகுற வாடை வருது."

நான் அதைக் காதில் வாங்கவே இல்லை. ஒர்க்‌ஷாப் அண்ணன் மட்டும் திரும்பிப் பார்த்து, "கடைசியா எதுக்கு வண்டிய எறக்குனீங்க?" என்று கேட்டார். மூன்று வாரத்துக்கு முன்னால் வேறு ஒரு இடத்தில் கிளட்ச் பிளேட் மாற்றியிருக்கிறார்கள்.

ஹெட்லைட்டைப் போட்டுச் சாவியைத் திருப்பினோம். எஞ்சின் முக்கி முனகிச் சுற்றியது. வெளிச்சம் கொஞ்சம்தான் மங்கியது. இதுதான் முதல் துப்பு. பேட்டரி செத்திருந்தால் வெளிச்சமும் சேர்ந்து செத்திருக்க வேண்டும்.

அப்புறம் அண்ணன் அளவு எடுக்கச் சொன்னார். நியூட்ரல், ஹேண்ட் பிரேக். எஞ்சின் ஸ்டார்ட் ஆகிவிடக் கூடாது என்பதால் பம்பில் ஃப்யூல் கட்-ஆஃப் ஒயரைக் கழற்றினோம். ஒரு தடவைக்குப் பத்து வினாடிக்கு மேல் சுற்றக் கூடாது, நடுவில் ஸ்டார்ட்டர் ஆற விட வேண்டும். எல்லா அளவும் எஞ்சின் சுற்றிக்கொண்டிருக்கும்போதே எடுத்தது.

சும்மா நிற்கும்போது பேட்டரி 12.5. சுற்றும்போது பேட்டரியில் 11.0. மீட்டர் கம்பியைக் கிளாம்பில் வைக்காமல் பேட்டரியின் ஈயக் குமிழிலேயே வைக்க வேண்டும், இல்லையென்றால் கிளாம்ப் கோளாறு கணக்கில் வராது. 12 வோல்ட் வண்டியில் சுற்றும்போது 9.6-க்குக் கீழே விழாமல் இருந்தால் பேட்டரி பரவாயில்லை. 11.0 என்பது நல்ல அளவு. கொஞ்சம் ரொம்பவே நல்ல அளவு, அதற்குப் பின்னால் வருகிறேன்.

அதே நேரத்தில், பேட்டரி கேபிள் வந்து சேரும் ஸ்டார்ட்டரின் 30-ஆம் முனைக்கும் ஸ்டார்ட்டர் பாடிக்கும் நடுவில் 7.9 மட்டும். பேட்டரி 11.0 கொடுக்கிறது, ஸ்டார்ட்டருக்கு 7.9 கிடைக்கிறது. வழியில் 3.1 வோல்ட்டைக் காணோம்.

எங்கே போனது? பேட்டரி பிளஸ் குமிழில் ஒரு கம்பி, ஸ்டார்ட்டர் 30-இல் ஒரு கம்பி: 0.3. சரியாக இருக்கிறது. பேட்டரி மைனஸ் குமிழில் ஒரு கம்பி, ஸ்டார்ட்டர் பாடியில் ஒரு கம்பி: 2.8. கோளாறு எர்த் பக்கம். இரண்டையும் கூட்டினால் 3.1, கணக்கு நேர். கணக்கு நேராக வராவிட்டால் அளவெடுத்ததில் தப்பு இருக்கிறது, திரும்ப எடுங்கள்.

எர்த் பக்கத்தையும் துண்டு துண்டாகப் பிரித்தோம். மைனஸ் குமிழிலிருந்து சேஸிஸ் வரை 0.1. சேஸிஸிலிருந்து எஞ்சின் பிளாக் வரை 2.6. பிளாக்கிலிருந்து ஸ்டார்ட்டர் பாடி வரை 0.1. சேஸிஸுக்கும் எஞ்சினுக்கும் நடுவில் இருக்கும் எர்த் பட்டைதான் திருடன். கீழே படுத்துப் பார்த்தால், கிளட்ச் வேலைக்காகக் கழற்றிய பட்டையைப் பெயின்ட் மேலேயே வைத்துப் போல்ட் போட்டிருந்தார்கள், அதுவும் லூஸ். பட்டையில் பாதிப் பிரி அறுந்திருந்தது.

கருகுற வாடை எங்கிருந்து வந்தது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. எர்த் பட்டை வழியாகப் போக முடியாத கரன்ட் வேறு வழி தேடும். எஞ்சினையும் பாடியையும் இணைத்துக்கொண்டு ஒரு இரும்புக் கம்பி இருக்கிறது, அதுதான் ஆக்ஸிலேட்டர் கேபிள். கரன்ட்டில் ஒரு பங்கு அதில் போய், கேபிள் சூடாகி, உள்ளே இருக்கும் உறை இளகி, கம்பியைப் பிடித்துக்கொண்டது. பெடல் டைட்டானதற்கும் செல்ஃப் எடுக்காததற்கும் காரணம் ஒன்றேதான். இந்த இரண்டு அறிகுறியும் ஒரே கேள்வியில் சேர்ந்து வந்தால் வேறு எதையும் யோசிக்க வேண்டாம்.

இங்கே என் பெரிய முட்டாள்தனம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அண்ணன் அளவெடுக்கச் சொல்வதற்கு முன்னால் நானே முந்திக்கொண்டு மீட்டரை ஓம் பக்கம் வைத்து, எர்த் பட்டையைச் சோதித்திருந்தேன். பஸ்ஸர் கத்தியது. "எர்த் ஓகேண்ணே" என்றேன். அது ஏன் தப்பு என்று பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். கிளாம்ப் மீட்டரில் அப்போது ஓடிய கரன்ட் 130 ஆம்பியர். 2.6-ஐ 130-ஆல் வகுத்தால் 0.02 ஓம். நம் மீட்டரின் கம்பிகளுக்கே அதைவிடப் பல மடங்கு தடை இருக்கும். ஒரே ஒரு பிரி மிச்சம் இருந்தாலும் பஸ்ஸர் கத்தும், ஏனென்றால் மீட்டர் அனுப்புவது துளியூண்டு கரன்ட். ஸ்டார்ட்டர் வேலை செய்யும்போது மட்டும்தான் அந்த 0.02 ஓம் தன் முகத்தைக் காட்டும். 'ஸ்டார்ட்டர் கேபிளைச் சோதிக்கச் சரியான முறை எது' என்று கேட்டு, விடைகளில் 'ஓம் மீட்டர்', 'கன்டின்யுட்டி', 'லோடில் வோல்ட்டேஜ் டிராப்' என்று கொடுத்தால் கடைசியைத் தொடுங்கள். ஒரு பக்கத்துக்கு மொத்தம் 0.5 வோல்ட் வரை, ஒரு இணைப்புக்கு 0.1 அல்லது 0.2 வரை என்பது எங்களுக்குச் சொல்லித்தந்த அளவு. இதெல்லாம் 12 வோல்ட் வண்டிக்கு.

பெயின்ட்டைச் சுரண்டி, புதுப் பட்டை போட்டு டைட் வைத்தோம். மறுபடி அளந்தால் எர்த் பக்கம் 0.3, பிளஸ் பக்கம் 0.4, ஸ்டார்ட்டருக்கு 9.7. எஞ்சின் சுறுசுறுப்பாகச் சுற்றியது. ஆனால் பேட்டரியில் 10.4 காட்டியது. முன்னால் 11.0 இருந்ததே, சரிசெய்த பிறகு ஏன் குறைந்தது? கரன்ட் 180 ஆம்பியராக ஏறிவிட்டது, அதனால்தான். வழியில் தடை இருந்தபோது ஸ்டார்ட்டர் பட்டினி கிடந்தது, பேட்டரிக்கு வேலை இல்லை, அதனால் அது தெம்பாகத் தெரிந்தது. எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போது பேட்டரி அளவு ரொம்ப நன்றாக இருந்தால் சந்தோஷப்படாதீர்கள்.

மெதுவாகச் சுற்றும் கேள்விகளில் கரன்ட் அளவு கொடுத்திருந்தால் வேலை இன்னும் சுலபம். மெதுவாகச் சுற்றுகிறது, கரன்ட் குறைவு: வழியில் தடை, அதாவது கேபிள், எர்த், காண்டாக்ட், பிரஷ். மெதுவாகச் சுற்றுகிறது, கரன்ட் அதிகம்: ஸ்டார்ட்டர் புஷ் தேய்ந்து ஆர்மேச்சர், 'போல் ஷூ'வில் உரசுகிறது, அல்லது எஞ்சின் டைட். இதில் ஒரு சந்தேகம் வரும், பேட்டரி இறங்கினாலும் கரன்ட் குறையத்தானே செய்யும்? குறையும், ஆனால் அப்போது பேட்டரி குமிழிலேயே வோல்ட்டேஜ் 9.6-க்குக் கீழே சரிந்திருக்கும், ஹெட்லைட்டும் செத்திருக்கும். ஆக இரண்டு அளவும் சேர்ந்து வேண்டும். ஒன்றை மட்டும் கொடுத்துவிட்டு 'பெரும்பாலும் காரணம்' என்று கேட்டால், கேள்வியில் எந்தப் பகுதி நல்லது என்று சொல்லியிருக்கிறதோ அதை முதலில் அடித்துவிட்டு மிச்சத்தில் தேடுவேன். எனக்கு அது ஒத்துவந்தது. என்னோடு மறுதேர்வு எழுதிய வாடிப்பட்டிப் பையன் எல்லா விடையையும் எதிர்ப்பக்கத்திலிருந்து, 'இந்தக் காரணம் இருந்தால் இந்த அறிகுறி வருமா' என்று சரிபார்ப்பான். அவனுக்கு என்னைவிட மார்க் அதிகம். ஆனால் நேரம் அதிகம் பிடிக்கும், எனக்கு அவ்வளவு பொறுமை கிடையாது.

மறுதேர்வுச் செய்முறையில் நான் தாளில் எழுதிய வரிசை இது:

புகார்: எஞ்சின் சுற்றவே இல்லை.
பார்த்தது, கேட்டது: ஹெட்லைட் மங்கவில்லை, 'டக்' சத்தம் இல்லை.
எந்தப் பக்கம்: கன்ட்ரோல் சர்க்யூட்.
சோதனை: சாவியைத் திருப்பி 50-ஆம் முனையில் டெஸ்ட் லேம்ப், எரியவில்லை. ரிலேயின் உள்ளே வரும் முனையிலும் எரியவில்லை.
காரணம்: ஃபியூஸ் போயிருக்கிறது.
உறுதி செய்தது: ஃபியூஸ் மாற்றியதும் சுற்றியது.

கடைசி வரியை மறக்க இருந்தேன். மாற்றிவிட்டுத் திரும்பச் சாவியைத் திருப்பிக் காட்ட வேண்டும். "ஃபியூஸ் ஏன் போச்சு?" என்றும் கேட்டார்கள். அதற்கு நான் தயாராக இல்லை. 50-ஆம் முனைக்குப் போகும் ஒயர் எங்காவது பாடியில் உரசி ஷார்ட் ஆகியிருக்கலாம், சொலினாய்டு காயில் ஷார்ட் ஆகியிருக்கலாம் என்று சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டு, மேஜையில் கிடந்த கருகிய ஃபியூஸை எடுத்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அடுத்த பையனுக்கு வேண்டுமே.